பதினொண்ணாவது எண்

பேக்டரியில என்னை "போன்காரன்"னு கூப்பிடுவாங்க. அது நல்ல நாள்ல. மத்த நாள்ல கூப்பிடுறத எழுதினா இந்தப் பத்திரிகை நடக்காது.

மலேசியாவுல கூலிம் ஹைடெக் தொழிற்பேட்டை பக்கம் இருக்குற பேக்டரிங்கள்ல ஆபீஸ் போன் சிஸ்டம் போட்டுக் குடுக்குறது, கெட்டுப் போனா வந்து பாக்குறது, இதான் என் பொழப்பு. போன் வேலை செஞ்சா யாருக்கும் நான் இருக்குறதே தெரியாது. செய்யலன்னா எங்க அம்மா வரைக்கும் விசாரிப்பாங்க. இருபத்தஞ்சு வருஷமா இப்படியே ஓடுது. முடி கொட்டிருச்சி, தொப்பை வந்துருச்சி, மரியாதை மட்டும் இன்னும் வரல.

அன்னிக்கு எச்.ஆர். மேடம் கூப்பிட்டாங்க. தமிழ்ப் பொம்பளைதான். என்னை "அண்ணே"ன்னுதான் கூப்பிடுவாங்க. ஆனா அந்த அண்ணேவைக் கேட்டா, ஈயை விரட்டுற மாதிரி இருக்கும்.

"அண்ணே, வியாழக்கிழமை காலையில பத்து மணிக்கு வாங்க. ஒரு விசாரணை இருக்கு. நீங்க ஒரு கையெழுத்து போடணும், அவ்வளவுதான்."

"எதுக்கு மேடம்?"

"வாங்கன்னா வாங்களேன். எல்லாத்துக்கும் கேள்வியா?"

போனேன். மேடம் ரூம்ல உக்கார வைக்கல. காரிடார்ல நின்னுக்கிட்டே பேப்பரைக் குடுத்தாங்க. கதை இதுதான். அந்த பேக்டரியில ஸ்டேண்ட்பை லிஸ்ட்டுன்னு ஒண்ணு இருக்கு. ஷிப்டுக்கு யாராவது வரலன்னா, லிஸ்ட்ல இருக்குற ஆளை ஆபீஸ்ல இருந்து போன் பண்ணி கூப்பிடுவாங்க. அந்த ஆளு எடுத்து, கம்பெனி பஸ்ஸைப் பிடிச்சு வந்துடணும். ஹேன்போன்ல கூப்பிடக் கூடாது, ஆபீஸ் போன்லதான் கூப்பிடணும், அப்பதான் ரெக்கார்ட் இருக்கும். அது மேடம் போட்ட ரூல். ஒவ்வொரு தடவையும் ஒரு வார்னிங் லெட்டர், மூணு தடவை ஆள் கிடைக்கலன்னா கேஸ்.

இந்தக் கேஸ்ல மாட்டினது கரங்கான் பக்கத்துல இருந்து வர்ற ஒரு பொம்பளை. வயசு நாப்பத்தஞ்சு இருக்கும், பதினோரு வருஷ சர்வீஸ். அசெம்ப்ளி லைன். ஸ்டேண்ட்பை நாள்ல வேணும்னே போனை அடைச்சு, அதான் ஆஃப் பண்ணி, வச்சிட்டாங்கன்னு குத்தச்சாட்டு. அவங்க, "போன் தலைமாட்டுலதான் இருந்துச்சி, ஒரு தடவை கூட அடிக்கல"ன்னு எழுதிக் குடுத்திருக்காங்க. குத்தம் நிரூபணம் ஆனா வேலை போயிரும். அந்த வயசுல, அந்தக் கெட்ட பேரோட, வேற பேக்டரி கேட்டுக்குள்ள விட மாட்டாங்க.

நான் கையெழுத்து போடவேண்டிய பேப்பர்ல இருந்தது ரெண்டே வரி. இந்த கால் ரெக்கார்ட் இந்தப் போன் சிஸ்டத்துல இருந்து எடுத்தது. சிஸ்டம் நல்லபடியா வேலை செய்யுது.

"போட்டுட்டு உள்ள வாங்க. கேட்டா 'ஆமா'ன்னு சொல்லுங்க. உங்க ஜோக்கெல்லாம் வேணாம்"ன்னாங்க மேடம்.

நானும் பேனாவை எடுத்துட்டேன். உங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேன். அப்படியே கண்ணு ரெக்கார்ட் மேல போச்சி. மூணு வரி. தேதி, நேரம், டயல் பண்ண நம்பர். மூணுலயும் அதே நம்பர். 011ல ஆரம்பிக்குது. எதுக்கோ எண்ணிப் பாத்தேன். எண்ணுறது எனக்குத் தொழில் வியாதி. சாப்பாட்டுக் கடையில பில்லு நம்பரைக் கூட எண்ணுவேன்.

பத்து எண்.

திரும்ப எண்ணினேன். விரலை வச்சு எண்ணினேன். பத்துதான்.

பிரிண்ட்ல ஒண்ணு விட்டுப் போச்சின்னு நினைச்சுக்கலாம்னு பாத்தேன். முடியல.

011 நம்பருக்கு பதினொரு எண் இருக்கணும். 012, 013, 016, 017, 019 மாதிரி மத்த ஹேன்போன் நம்பரெல்லாம் பத்து எண். முன்னாடி மூணு, பின்னாடி ஏழு. ஏழு எண்ணுல ஒரு கோடி நம்பர்தான் போட முடியும். மலேசியாவுல ஒருத்தன் ரெண்டு மூணு ஹேன்போன் வச்சிருக்கான், எப்படிப் பத்தும்? அதனால 011 தொறக்கும்போது பின்னாடி எட்டு எண் வச்சாங்க. ஒரே ஒரு எண்ணைக் கூட்டினதுல பத்து மடங்கு இடம் கெடைச்சிருச்சி. புதுசா பிரீபெய்ட் சிம் வாங்குறவங்களுக்கு நிறைய 011தான் வருது. பழைய நம்பரைக் கெட்டியா பிடிச்சிட்டு இருக்குறது ஆபீஸர்மாருங்க. சிம் மாத்தி மாத்திப் போடுறது லைன்ல நிக்கிற ஜனங்க.

சரி, அந்த பதினொண்ணாவது எண் எங்க போச்சி? வெட்டினது யாரு?

நான்தான்.

அதைச் சொல்லணும்னா, ஆபீஸ் போன் எப்படி யோசிக்குதுன்னு சொல்லணும். ஹேன்போன்ல நம்பர் எல்லாத்தையும் அமுக்கிட்டு பச்சை பட்டனை அமுக்குவோம். முடிஞ்சிருச்சின்னு நாமளே சொல்லிடுறோம். ஆபீஸ் போன்ல பச்சை பட்டன் கெடையாது. ஒரு ஒரு எண்ணா உள்ள போகுது. சிஸ்டம் உக்காந்து, "இவன் இன்னும் அமுக்குவானா, முடிச்சிட்டானா?"ன்னு பாத்துக்கிட்டே இருக்கும். தெரியலன்னா நாலு செகண்ட் காத்திருக்கும். ஒண்ணும் வரலன்னா அனுப்பும்.

அந்த நாலு செகண்டுதான் ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, நான் புது சிஸ்டம் போட்டப்ப, மேடத்துக்குப் பிடிக்கல. "என்னண்ணே போன் இது? டயல் பண்ணா ஊமை மாதிரி நிக்குது! பழைய சிஸ்டமே நல்லா இருந்துச்சி. உங்களைக் கூப்பிட்டது எங்க தப்பு"ன்னு எல்லார் முன்னாடியும் கிழிச்சாங்க.

எனக்கு ரோஷம். அதுக்கு ஒரு டேபிள் போடலாம். எந்த நம்பருக்கு எத்தனை எண்ணுன்னு முன்கூட்டியே சொல்லிட்டா, அத்தனை எண் வந்த உடனே சிஸ்டம் காத்திருக்காம அனுப்பிரும். நாட்டுல நம்பருக்கு நீளம் கட்டி வச்சிருக்குறதே இதுக்குத்தான். 04ன்னா கெடா, பினாங்கு, பெர்லிஸ். சைபரோட சேத்து ஒம்பது எண். அதுக்குள்ள 4ன்னா கூலிம், சுங்கைப் பட்டாணி பக்கம், 7ன்னா அலோர் ஸ்டார், 9ன்னா ஜித்ரா. 03ன்னா கே.எல். பக்கம், அங்க கூட்டம் ஜாஸ்தி, அதனால பத்து. 999ன்னா மூணே எண்ணு, எரியிற வீட்டுக்காரன் எவ்வளவு அமுக்குவான்? முதல் ரெண்டு மூணு எண்ணைப் பாத்த உடனேயே எங்க போகுது, எத்தனையில முடியும்னு தெரியிற மாதிரிதான் நாட்டோட திட்டத்தையே கட்டியிருக்காங்க. நல்ல மூளை.

நம்ம மூளைக்கு வருவோம். அந்த டேபிளைப் புதுசா எழுத சோம்பேறித்தனம். பல வருஷத்துக்கு முன்னாடி வேற பேக்டரிக்கு எழுதினது கம்ப்யூட்டர்ல இருந்துச்சி. காப்பி பண்ணி ஒட்டினேன். அதுல "01 ன்னா பத்து"ன்னு ஒரே வரி. அது எழுதின காலத்துல 011ன்னு ஒண்ணு வரவே இல்ல. ஆக, ஒட்டின நாள்ல இருந்து, 011ல ஆரம்பிக்குற எந்த நம்பரா இருந்தாலும் பத்தாவது எண்ணோட சிஸ்டம் அனுப்பிரும். கடைசி எண்ணை அமுக்குறவங்க காத்துல அமுக்குறாங்க.

இவ்வளவும் காரிடார்ல நிக்கும்போது மண்டைக்குள்ள ஓடுது. மேடம் கையை நீட்டிக்கிட்டு நிக்கிறாங்க.

"மேடம், சின்னதா ஒரு செக் பண்ணிட்டு வந்துடுறேன். அஞ்சு நிமிஷம்."

"இப்ப என்ன செக்கு? ரெண்டு வருஷமா நல்லாதானே இருக்கு? அந்தப் பொம்பளை பொய் சொல்றா அண்ணே. 011 வச்சிருக்கவங்களே அப்படித்தான். கூப்பிட்டா கெடைக்கவே மாட்டாங்க. கூப்பிட்டுக் கூப்பிட்டு எங்க கிளார்க்கு, அந்தக் கெராணிப் பொண்ணு, அலுத்துட்டா."

நான் போன் சிஸ்டம் இருக்குற ரூமுக்கு ஓடினேன். லேப்டாப்பைத் தொறந்தேன். இப்ப உண்மையைச் சொல்லிடுறேன். என் திட்டம் என்னன்னா, அந்த வரியை ரெண்டு நிமிஷத்துல திருத்திரலாம். அப்புறம் "சிஸ்டம் நல்லபடியா வேலை செய்யுது"ன்னு கையெழுத்து போடலாம். அந்த நேரத்துல அது உண்மையாத்தானே இருக்கும்? இந்த மாதிரி நேரத்துல என் மூளை எவ்வளவு வேகமா வேலை செய்யுதுன்னு பாருங்க. டேபிள் எழுதும்போது மட்டும் தூங்கிருச்சி.

"011 ன்னா பதினொண்ணு"ன்னு அடிச்சிட்டேன். சேவ் பண்ணல. நான் நல்லவன்னு நினைச்சுடாதீங்க. சேவ் பண்ணா, யாரு எந்த நேரத்துல மாத்தினான்னு சிஸ்டம் எழுதி வச்சுக்கும். விசாரணைக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி மாத்தினது என்னைக்காவது வெளிய வந்தா, நான் வெறும் சோம்பேறி இல்ல, களவாணி. சோம்பேறின்னு பேர் வாங்குறது எனக்குப் பழக்கம். களவாணி புதுசு. லேப்டாப்பை மூடிட்டேன்.

விசாரணை ரூம்ல நாலு பேர். தலைவரா இருந்தவரு புரொடக்‌ஷன் மேனேஜர், பினாங்கு சீனர், மலாய்லயும் இங்கிலீஷ்லயும் மாத்தி மாத்திப் பேசுவாரு. மேடம். போன் பண்ண மலாய்க்காரக் கெராணி. மேசைக்கு அந்தப் பக்கம் தனியா அந்த கரங்கான் பொம்பளை, லைன்ல எல்லாருக்கும் 'அக்கா'. யூனிபார்ம் தேச்சு போட்டுட்டு வந்திருந்தாங்க. முன்னாடி மேசை மேல அவங்க ஹேன்போன், மூலையில கண்ணாடி உடைஞ்சது.

என்னைப் பாத்ததும் அவங்க முதல்ல கேட்டது, "இவரு யாரு? மேடத்தோட ஆளா?"

"இவர்தான் போன் சிஸ்டம் எக்ஸ்பர்ட்"ன்னாங்க மேடம்.

"ஓ. எக்ஸ்பர்ட்டு. அப்ப நான் தூங்கிட்டேன்னு மெஷின் பாத்துச்சாண்ணே?"

"இல்ல தங்கச்சி, நான்..."

"தங்கச்சியா? இவ்வளவு நாளா எங்கண்ணே இருந்தீங்க? மூணு லெட்டர் வந்துச்சே, அப்ப இந்தத் தங்கச்சி ஞாபகம் வரலியா?"

எனக்கு சுள்ளுன்னு வந்துச்சி. ஒரு நிமிஷம் கையெழுத்தைப் போட்டுட்டு போயிரலாமான்னு கூட தோணுச்சி. கெட்ட எண்ணம்தான். ஆனா திட்டு வாங்கும்போது நல்ல எண்ணம் வர்றதுக்கு நான் சாமியார் இல்ல.

மேனேஜர் கேட்டாரு. "இந்த ரெக்கார்ட் சரியா?"

"ரெக்கார்ட் சரிங்க பாஸ். சிஸ்டம் அனுப்பின நம்பரைத்தான் காட்டுது. ஆனா அனுப்பின நம்பர் தப்பு. ஒரு எண்ணு கொறையுது."

மேடம் என்னைப் பாத்த பார்வையில பால் திரிஞ்சிருக்கும்.

"என்ன கொறையுது? பைல்ல இருக்குற நம்பரைப் பாத்துத்தான் கூப்பிட்டோம்"ன்னாங்க. எச்.ஆர். பைலைத் தூக்கி மேசையில போட்டாங்க. புது கம்ப்யூட்டர் பைல், எல்லா நம்பரும் ப்ளஸ் 60ன்னு ஆரம்பிக்கும். "பாருங்க பாஸ். ப்ளஸ் 60 மலேசியா. அதை எடுத்துட்டு எண்ணுங்க. எத்தனை?"

மேனேஜர் பேனாவை வச்சு எண்ணினாரு. "பத்து."

"ரெக்கார்ட்ல எத்தனை?"

"பத்து."

"முடிஞ்சிச்சி. பத்துக்குப் பத்து சரியா இருக்கு. இவருக்கு எண்ணத் தெரியல"ன்னாங்க மேடம்.

எனக்கே ஒரு நிமிஷம் தலை சுத்திருச்சி. பத்தும் பத்தும் சரியாத்தான் இருந்துச்சி. மேனேஜர் என்னைப் பாக்குறாரு. அந்த அக்கா மட்டும் மேடத்தைப் பாக்கல, என்னைப் பாக்கல, ரெண்டு நம்பரையும் மாறி மாறிப் பாத்துக்கிட்டு இருந்தாங்க.

"மேடம், ரெண்டு பத்தும் வேற வேற பத்து"ன்னேன். "பைல்ல 60 எடுத்தா 11ல ஆரம்பிக்குது. ரெக்கார்ட் 011ல ஆரம்பிக்குது. முன்னாடி சைபர் ஒண்ணு கூட இருக்கு பாருங்க. அந்த சைபர் நாட்டுக்குள்ள கூப்பிடும்போது மட்டும் போடுறது. 'இது பக்கத்து டேபிள் இல்ல, வெளியூர், ஹேன்போன்'ன்னு எக்ஸ்சேஞ்சுக்குச் சொல்றதுக்கு. வெளிநாட்டுல இருந்து கூப்பிட்டா 60 அந்த வேலையைச் செஞ்சிரும், சைபர் விழுந்துரும். பைல்ல சைபர் இல்லாம பத்து. அப்ப ரெக்கார்ட்ல சைபரோட பதினொண்ணு இருக்கணும். பத்துதான் இருக்கு. முன்னாடி சைபர் கூடியிருக்கு, பின்னாடி கடைசி எண்ணு காணாமப் போயிருக்கு. அதனாலதான் கணக்கு ஒண்ணா தெரியுது."

"மலேசியா கோடு ப்ளஸ் 6தான் அண்ணே. எல்லாரும் ப்ளஸ் 6 போட்டுட்டு 012ன்னுதான் எழுதுறாங்க. என் கார்டுலயே அப்படித்தான்."

"எழுதினா போகும் மேடம். அந்த சைபர் 60ஓட சைபர். நம்ம நல்ல நேரம், ரெண்டும் சைபரா போயிருச்சி. ஆனா 6 மலேசியா இல்ல. 6ன்னா இந்தப் பக்கத்து வட்டாரமே. 60 நாம, 61 ஆஸ்திரேலியா, 62 இந்தோனேசியா, 65 சிங்கப்பூர், 66 தாய்லாந்து. புருணைக்கு மூணு எண்ணு, 673. அதனால வெறும் 67ன்னு எந்த நாட்டுக்கும் குடுக்கல. ஒரு நாட்டு கோடு இன்னொரு நாட்டு கோடோட ஆரம்பமா இருக்கவே கூடாது. இருந்துச்சின்னா எக்ஸ்சேஞ்ச் எங்க நிறுத்துறதுன்னு தெரியாம முழிக்கும்."

"எனக்கு பாடம் எடுக்குறீங்களா? நீங்க வேலை செய்யுறது எனக்குக் கீழ!"

மேனேஜர் கையைத் தூக்கினாரு. "நிறுத்துங்க. இதே போன்ல மெல்பர்ன்ல இருக்குற என் மகளைக் கூப்பிடுறேன். அந்த நம்பர் இதைவிட நீளம். ஒழுங்காத்தானே போகுது?"

"போகும் பாஸ். வெளிநாட்டுக்கு 00 போடுறீங்க இல்ல? ஒவ்வொரு நாட்டுலயும் நம்பர் ஒவ்வொரு நீளம். மொத்தமா பதினஞ்சு எண்ணைத் தாண்டக் கூடாதுன்னு மட்டும் உலகத்துக்கே ஒரு கட்டுப்பாடு. எந்த நாட்டுக்கு எத்தனைன்னு எனக்குத் தெரியாது. அதனால 00ன்னா காத்திருன்னு எழுதி வச்சேன். தெரிஞ்ச ஊர்லதான் தப்பு பண்ணிட்டேன்."

அந்த அக்கா முதல் தடவையா சிரிச்சாங்க. நல்ல சிரிப்பு இல்ல. "மெல்பர்னுக்குப் போகுது. கரங்கானுக்குப் போகல. நல்லா இருக்குண்ணே உங்க சிஸ்டம்."

"கூப்பிட்டுப் பாருங்க"ன்னேன். "பேசிக்கிட்டே இருக்க வேணாம். கெராணி அதே போன்ல கூப்பிடட்டும். அவங்க போன் இங்கதான் இருக்கு."

கெராணிப் பொண்ணு ரூம்ல இருந்த ஆபீஸ் போன்ல ஸ்பீக்கரைப் போட்டுட்டு அமுக்கினா. வெளி லைனுக்கு 9, அப்புறம் 0, 1, 1... அவ கடைசி எண்ணை அமுக்க விரல் தூக்கும்போதே லைன் கிளிக்குன்னு போயிருச்சி. அப்புறமும் அவ அமுக்கினா. எல்லாரும் மேசை மேல இருந்த உடைஞ்ச போனையே பாத்தோம். அது சும்மா கெடந்துச்சி. கொஞ்ச நேரம் சத்தம் இல்ல. அப்புறம் ஸ்பீக்கர்ல ஒரு பொம்பளைக் குரல், மலாய்ல, "ஹராப் மாஃப்..."னு மன்னிப்பு கேட்டுட்டு ஆரம்பிச்சிச்சி. கெராணி பழக்கத்துல கட் பண்ண கையைக் கொண்டு போனா.

"வேணாம், விடு. முழுசா கேளு"ன்னாரு மேனேஜர்.

அந்தக் குரல் நீங்க டயல் பண்ண நம்பர் சரியில்ல, திரும்பப் பாருங்கன்னு பொறுமையா சொல்லி முடிச்சிச்சி. ரெண்டு வருஷமா அந்தக் குரல் இதைத்தான் சொல்லிட்டு இருந்திருக்கு. மன்னிப்பு கேட்ட உடனேயே கெராணி போனை வச்சிட்டு, "ஆள் கெடைக்கல, போன் அடைச்சிருக்கு"ன்னு எழுதியிருக்கா. ஒரு நாளைக்கு முப்பது பேரைக் கூப்பிடுற பொண்ணு. அவளைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்ல.

மேனேஜர் தன் ஹேன்போன்ல அதே நம்பரைப் போட்டு பச்சை பட்டனை அமுக்கினாரு. மேசை மேல உடைஞ்ச போன் துள்ளிக்கிட்டு அடிச்சிச்சி. அந்த அக்கா எடுக்கல. அடிக்கட்டும்னு விட்டாங்க. ரூம்ல எல்லாரும் அந்த ரிங்டோனை முழுசா கேட்க வேண்டி வந்துச்சி.

"எவன் வேலை இது?"ன்னாரு மேனேஜர்.

மேடம் விரலை நீட்டுறதுக்கு முன்னாடி நானே கையைத் தூக்கிட்டேன். பள்ளிக்கூடத்துல கூட இவ்வளவு வேகமா தூக்கினது கெடையாது. "நான்தான் பாஸ். பழைய டேபிளைக் காப்பி பண்ணிட்டேன்."

"நாலு செகண்ட் கொறைங்கன்னுதான் நான் சொன்னேன். நம்பரை வெட்டச் சொல்லல"ன்னாங்க மேடம். அது உண்மைதான். பாவம், அன்னிக்கு அவங்க சொன்னதுல அது ஒண்ணுதான் சரி.

கேஸ் அங்கயே தள்ளுபடி. மூணு லெட்டரையும் பைல்ல இருந்து எடுத்துடுங்கன்னு மேனேஜர் சொல்லிட்டு, என் பக்கம் திரும்பி, இன்னிக்கே சரி பண்ணிட்டு, அடுத்த மாசத்துல இருந்து வராதன்னாரு. சத்தமா கூட சொல்லல. டேபிள்ல 011 வரியைத் திருத்தினேன். இன்டர்நெட் போன் நம்பர் 015ம் அதே நீளம், அதையும் போட்டேன். டெஸ்ட் பண்ணேன். பதினொண்ணும் முழுசா போச்சி. ரெண்டு நிமிஷ வேலை. நான் சொல்லல?

கீழ கார் பார்க்ல அந்த அக்கா காத்துக்கிட்டு இருந்தாங்க. நன்றி சொல்ல நிக்கிறாங்கன்னு நினைச்சேன். அம்பத்தி மூணு வயசுலயும் என் புத்தி அவ்வளவுதான்.

"லெட்டரை எடுத்துட்டாங்க. சரி. பஸ்ல வர்றவங்களுக்கு யாரு சொல்றது? 'போனை அடைச்சிட்டு தூங்குறவ'ன்னு ரெண்டு மாசமா என் முன்னாடியே பேசுறாங்க. எழுதிக் குடுங்க."

"எழுதியா?"

"மேடத்துக்கு கையெழுத்து போட வந்தீங்க இல்ல? எனக்கும் போடுங்க."

அங்கயே, என் காடி பானெட் மேல பேப்பரை வச்சு எழுதினேன். சிஸ்டம் கோளாறு காரணமா 011 நம்பருங்களுக்கு கால் போகலன்னு. வாங்கிப் படிச்சாங்க. திருப்பிக் குடுத்துட்டாங்க.

"சிஸ்டத்துக்கு கை இருக்கா? யாரு செஞ்சது?"

திரும்ப எழுதினேன். நான் செஞ்ச தப்பால, பதினொண்ணு எண்ண வேண்டிய இடத்துல பத்துன்னு வச்சிட்டதால, 011 நம்பருக்கு கூப்பிட்ட எந்த காலும் போகல, அவங்க மேல தப்பு இல்லன்னு. ரொம்ப நேரம் படிச்சாங்க.

"பேரும் நம்பரும் போடுங்க. யாராவது கேட்டா நீங்க பதில் சொல்லுங்க. நான் ஏன் சொல்லணும்?"

போட்டேன். போட்டோ எடுத்து பஸ் வாட்ஸாப் குரூப்ல அனுப்பினாங்க. பேப்பரை மடிச்சு யூனிபார்ம் பாக்கெட்ல வச்சுக்கிட்டு பஸ்ஸுக்குப் போயிட்டாங்க. வர்றேன்னு கூட சொல்லல. ஏன் சொல்லணும்?

அது அந்தக் குரூப்போட நிக்கல. அடுத்த ரெண்டு வாரம் என் போன் ஓயல. எல்லாமே 011. சில பேர் திட்டினாங்க. சில பேர் போன வருஷம் போனஸ் கட்டானதுக்கு இதான் காரணமான்னு கேட்டாங்க. ஒரு அம்மா எதையும் கேக்காம, உன் வயித்துல மண்ணுன்னு மட்டும் சொல்லிட்டு வச்சிட்டாங்க. எல்லாத்துக்கும் பதில் சொன்னேன். எடுக்காம விட மனசு வரல.

ஒருத்தர் மட்டும் ஜித்ராவுல இருந்து கூப்பிட்டாரு. குரல்ல கோபமே இல்ல. அந்த பேக்டரியில ஒரு வருஷத்துக்கு முன்னாடி அவரை நிறுத்திட்டாங்களாம். காரணம் இதேதான், ஸ்டேண்ட்பையில கெடைக்கலன்னு. அவருக்கும் இதே மாதிரி ஒரு விசாரணை நடந்துச்சாம். யாரும் நம்பரை எண்ணல.

"நான் வேணா அந்த மேனேஜர்கிட்ட பேசுறேங்க. ரெக்கார்ட் இன்னும் சிஸ்டத்துல இருக்கும். எடுத்துத் தர்றேன்"ன்னேன்.

"வேணாம்ங்க. இங்க அண்ணன் கூட லாரி ஓட்டிக்கிட்டு இருக்கேன். பரவால்ல."

"அப்ப என்னங்க செய்யணும்?"

லாரி இன்ஜின் சத்தம் மட்டும் கேட்டுச்சி.

"ஒண்ணும் செய்ய வேணாம். உங்க குரல் எப்படி இருக்கும்னு கேக்கலாம்னு கூப்பிட்டேன்"ன்னு சொல்லிட்டு வச்சிட்டாரு.